கடை ஸ்கேனர் தடுமாறுகிறதா? பீப் சத்தத்துக்கு முன்னால் ஒரு கோளாறு, பின்னால் ஒரு கோளாறு

திண்டுக்கல் பக்கம் சித்தப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பில் போடும் மேசையில் யூஎஸ்பி வயர் வைத்த சாதாரணக் கைப்பிடி ஸ்கேனர், டிரிகரை அழுத்தினால் சிவப்புக் கோடு விழுமே, அந்த வகை. கம்பெனி பாக்கெட்டுகள் தவிர துவரம்பருப்பு, உளுந்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் எல்லாம் கடையிலேயே அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கட்டி, தெர்மல் பிரிண்டரில் லேபிள் அடித்து ஒட்டி விற்கிறார்கள். கொஞ்ச நாளாக இந்த ஸ்கேனர் தகராறு செய்துகொண்டிருந்தது. சொந்த பாக்கெட் என்றால் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது, கம்பெனி பாக்கெட்டில் பீப் தாமதமாக வந்தது, வந்த பிறகும் எண் திரையில் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது, போதாததற்கு எண்ணுக்கு முன்னால் சம்பந்தமில்லாத எழுத்துகள் வேறு சேர்ந்து வந்து, பில்லிங் மென்பொருள் "அப்படி ஒரு பொருளே இல்லை" என்று சொல்லிவிடும். சித்தப்பா "மெஷின் போச்சுப்பா, புதுசு ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்டார். வாங்க வேண்டியிருக்கவில்லை. என்ன பார்த்தேன், எந்த வரிசையில் பார்த்தேன் என்று எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் வரிசைதான் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

முதலில் ஸ்கேனரைத் திறக்கவும் வேண்டாம், செட்டிங் புத்தகத்தைத் தேடவும் வேண்டாம். ஒரு பாக்கெட்டை எடுத்து ஸ்கேன் செய்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். டிரிகரை அழுத்தியதிலிருந்து பீப் வரும்வரை உள்ள நேரம் ஒன்று, பீப் வந்ததிலிருந்து எண் முழுதாகத் திரையில் வரும்வரை உள்ள நேரம் இன்னொன்று. முதலாவது நீண்டால் ஸ்கேனரால் கோடுகளைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம்: கண்ணாடி அழுக்கு, லேபிள் மோசம், அல்லது எதைப் படிப்பது என்று ஸ்கேனருக்குச் சொல்லிவைத்திருக்கும் செட்டிங் அதிகம். இரண்டாவது நீண்டால் படித்தாகிவிட்டது, கணினிக்கு அனுப்புவதில்தான் சுணக்கம். அதற்குக் கண்ணாடியை எவ்வளவு துடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. நிறையப் பேர் இரண்டையும் சேர்த்து "ஸ்லோவா இருக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதால்தான் சம்பந்தமில்லாத இடத்தில் வேலை நடக்கிறது.

அடுத்தது நோட்பேட். இந்த வகை ஸ்கேனரைக் கணினி ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது. யாரோ வேகமாகத் தட்டச்சு செய்து கடைசியில் என்டர் அடித்தது போலத்தான் அதற்குத் தெரியும். அதனால் பில்லிங் மென்பொருளை மூடிவிட்டு நோட்பேடைத் திறந்து அதில் ஸ்கேன் செய்தால், ஸ்கேனர் உண்மையில் என்ன அனுப்புகிறது என்று அப்படியே தெரிந்துவிடும். நோட்பேடில் சுத்தமாக வந்து பில்லிங்கில் மட்டும் தப்பாக வந்தால் கோளாறு மென்பொருள் பக்கம். நோட்பேடிலேயே தப்பாக வந்தால் ஸ்கேனர் பக்கம், அல்லது கீபோர்டு மொழிப் பக்கம்.

அங்கே நோட்பேடில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இப்படி வந்தது (எண் நான் எழுதிய மாதிரி எண்):

```
]E08901234567890
```

சொந்தப் பருப்பு பாக்கெட்டில் முன்னால் `]C0` வந்தது. இதைப் பார்த்ததும் விஷயம் பாதி முடிந்த மாதிரிதான். இது குப்பை எழுத்து இல்லை, ஸ்கேனர் தெரிந்தேதான் அனுப்புகிறது. எந்த வகைப் பார்கோடைப் படித்தேன் என்று சொல்லும் அடையாள எழுத்து இது, செட்டிங் புத்தகங்களில் `AIM ID` அல்லது `Code ID` என்ற பெயரில் இருக்கும். சதுர அடைப்புக்குறி, ஒரு எழுத்து, ஓர் எண் என்று மூன்று எழுத்தாக வரும். `]E0` என்றால் கடைப் பொருள்களில் இருக்கும் 13 இலக்க ஈஏஎன், `]C0` என்றால் கோட் 128, `]A0` என்றால் கோட் 39. பெரிய கிடங்குகளில் பல வகைப் பார்கோடு கலந்து வரும்போது பிரித்தறிய இது வேண்டும். மளிகைக் கடைக்குத் தேவையே இல்லை.

தானாக இந்தச் செட்டிங் மாறாது. ஸ்கேனருக்குக் கட்டளை கொடுப்பதே அதன் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் பார்கோடுகளை ஸ்கேன் செய்துதான். அந்தத் தாளை மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள், மேலே சிவப்புக் கோடு போய்வந்தால் போதும். சில மாடல்களில் முதலில் "செட்டிங்கில் நுழை" என்ற கோடு, கடைசியில் "வெளியேறு" கோடு என்று பாதுகாப்பு உண்டு, சிலவற்றில் ஒரே கோடு பட்டாலே மாறிவிடும். தாளை எடுத்து ஒரு கவரில் போட்டு மேசை டிராயருக்குள் வைத்தாயிற்று.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வது, புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் "ஃபேக்டரி டீஃபால்ட்" கோடை ஸ்கேன் செய்வது. நான் அதைக் கடைசிக்கு வைப்பேன். அது அடையாள எழுத்தை எடுத்துவிடும், சரி, ஆனால் சில மாடல்களில் கடைசியில் வரும் என்டரையும் சேர்த்து எடுத்துவிடும். அப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் பில் போடுகிறவர் கையால் என்டர் தட்ட வேண்டும். அவர் தட்ட மறந்து அடுத்த பாக்கெட்டை ஸ்கேன் செய்தால் இரண்டு எண்ணும் ஒட்டிக்கொண்டு 26 இலக்கமாக நிற்கும். அதனால் அடையாள எழுத்தை அனுப்பாதே என்ற அந்த ஒரு கோடை மட்டும் தேடி ஸ்கேன் செய்தேன். நோட்பேடில் எண் மட்டும் வந்தது, என்டரும் அப்படியே இருந்தது.

கூடுதல் எழுத்து விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பில் போடும் அக்கா "தம்பி, சில நேரம் ஞ வருது, சில நேரம் அது வராம வேற ஏதோ வருது" என்று சொன்னார். காரணம் இதுதான்: ஸ்கேனர் கணினிக்கு ஒரு கீபோர்டு, அதனால் கணினியில் எந்த மொழி தேர்வாகி இருக்கிறதோ அந்த மொழியில்தான் எழுத்து விழும். பொருள் பெயரைத் தமிழில் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாற்றியிருப்பார், ஆங்கிலத்துக்குத் திரும்பாமலே ஸ்கேன் செய்வார். தமிழ்99-இல் `]` விசையில் இருப்பது ஞ. எண்கள் எண்களாகவே வந்துவிடுவதால் அடையாள எழுத்து இல்லாத நாள்களில் இது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் லேபிளில் ஆங்கில எழுத்து கலந்த குறியீடு இருந்தால் அது மொத்தமாகத் தமிழாகிவிடும், பொருள் கிடைக்காது. கேப்ஸ் லாக் விழுந்திருந்தாலும் இதே கதைதான், பெரிய எழுத்து சின்ன எழுத்தாகி வரும் மாடல்கள் உண்டு. இதற்கு நான் கண்ட நிரந்தர வழி, கடை சொந்தமாக அடிக்கும் பார்கோடில் எழுத்தே வேண்டாம், எண் மட்டும் போதும் என்று முடிவெடுப்பது. இதனால் லேபிளுக்கும் ஒரு பெரிய நன்மை உண்டு, கீழே வருகிறேன்.

இன்னொரு வேண்டாத எழுத்து கண்ணுக்கே தெரியாது. சில ஸ்கேனர்கள் கடைசியில் என்டரோடு இன்னொரு வரி மாற்ற எழுத்தையும் சேர்த்து அனுப்பும், கணினி அதை `Ctrl+J` என்று எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் ஓடும் பில்லிங் மென்பொருளாக இருந்தால், ஸ்கேன் செய்ததும் டவுன்லோடு பட்டியல் திறந்துகொள்ளும். யாராவது "ஸ்கேன் பண்ணா வேற பக்கம் தொறக்குது" என்று சொன்னால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். ஸ்கேனரில் பின்னொட்டை என்டர் மட்டும் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

அப்புறம் எண்கள் ஊர்ந்து வந்த விஷயம். நோட்பேடிலேயே எண் ஒவ்வொன்றாக விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. இதற்கு எழுத்துக்கு எழுத்து இடைவெளி என்று ஒரு செட்டிங் உண்டு. பழைய மென்பொருள்கள் வேகமாக வரும் எழுத்துகளைத் தவறவிடும் என்பதற்காக வைத்தது. இங்கே 40 மில்லி செகண்டில் இருந்தது. 13 இலக்கமும் ஒரு என்டரும் சேர்த்து 14 எழுத்து, ஆளுக்கு 40 என்றால் 560 மில்லி செகண்ட், அரை செகண்டுக்கு மேல். ஒரு பொருளுக்கு இது பெரிதாகத் தெரியாது, ஆனால் பில் போடுகிறவர் அதற்குள் அடுத்த பாக்கெட்டை ஸ்கேன் செய்துவிடுவார், கர்சர் எண்ணிக்கைக் கட்டத்தில் நிற்கும்போது அந்த எண் போய் விழும். ஒரு பிஸ்கட்டின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் நிற்பதை நீங்களும் பார்த்திருக்கலாம், அது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. இடைவெளியைச் சுழியமாக வைத்து நோட்பேடில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. ஆனால் பில்லிங் மென்பொருளில் எப்போதாவது ஓர் இலக்கம் விழுங்கப்பட்டு 12 இலக்கமாக வந்தது. அதனால் 10 மில்லி செகண்ட் வைத்தேன், மொத்தம் 140. அதில் இலக்கம் விடுபடவில்லை, கண்ணுக்கு உடனே வருவது போலத்தான் இருக்கிறது. உங்கள் மென்பொருளுக்கு எது போதும் என்று ஒரே பொருளைத் தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னது பீப்புக்குப் பின்னால். இனி முன்னால்.

கண்ணாடியை அறை வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரிந்தது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தேன், முழுக்க மஞ்சள் கலந்த ஒரு மெல்லிய படலம், நடுவில் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று தெரிந்தது. மேசைக்குப் பக்கத்திலேயே மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் பொட்டலம் கட்டுகிறார்கள், எண்ணெய்க் கையோடு ஸ்கேனரை எடுக்கிறார்கள், எண்ணெய் மேல் தூள் உட்கார்ந்துகொள்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் அந்தத் தூளே தேய்த்துக் கீறிவிடும். பல ஸ்கேனர்களில் அந்த ஜன்னல் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக்தான்.

நான் செய்தது: வயரைக் கழற்றிவிட்டு, காற்று ஊதும் ரப்பர் பல்பால் முதலில் தூளை ஊதினேன். வாயால் ஊத வேண்டாம், எச்சில் பட்டு மறுபடி துடைக்க வேண்டியிருக்கும். பிறகு மூக்குக் கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியில் ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, துளி பாத்திரம் கழுவும் திரவம் தொட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் துடைத்தேன். சோப்பு போக இன்னொரு ஈர மூலை, கடைசியாக உலர்ந்த மூலை. பிடிவாதமான எண்ணெய்ப் பசைக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் லேசாகத் தொட்டுக்கொள்ளலாம், புத்தகம் வேண்டாம் என்று சொல்லாதவரை. எதையும் ஸ்கேனர் மேல் நேராகத் தெளிக்கக்கூடாது, விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், அம்மோனியா கலந்த ஜன்னல் கண்ணாடி திரவம் மூன்றும் பிளாஸ்டிக்கை மங்கவைத்துவிடும். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல்லும் கூடாது, காய்ந்த பிறகு அதுவே ஒரு படலமாக நிற்கும். கீறலைப் போக்க டூத்பேஸ்ட் வைத்துத் தேய்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அது ஒரு கீறலை எடுத்து நூறு நுண்ணிய கீறலைப் போடுகிற வேலை.

துடைத்த பிறகும் மங்கல் உள்பக்கம் இருப்பது போலத் தெரிந்தால் யோசித்துத்தான் திறக்க வேண்டும். லேசர் வகை ஸ்கேனர் என்றால் திறந்து வைத்து இயக்கிப் பார்க்கவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து. இங்கே உள்பக்கம் சுத்தமாக இருந்தது, திறக்கவில்லை.

துடைத்ததும் கம்பெனி பாக்கெட்டுகளில் வித்தியாசம் தெரிந்தது, ஆனாலும் பீப் முன்பு போல டக்கென்று வரவில்லை. இங்கேதான் ஒரு செட்டிங் ஒளிந்திருந்தது. வாரப் பத்திரிகைகளில் 977 என்று தொடங்கும் பார்கோடுக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு பார்கோடு இருக்கும், இதழ் எண்ணுக்கான இரண்டு இலக்கக் கூடுதல் கோடு அது. புத்தகங்களில் ஐந்து இலக்கத்திலும் வரும். அதையும் சேர்த்துப் படி, இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் விட்டுவிடு என்ற "தானே கண்டுபிடி" நிலையில் இந்த ஸ்கேனர் இருந்தது. அப்படி வைத்தால் ஒவ்வொரு பிஸ்கட் பாக்கெட்டிலும் பக்கத்தில் குட்டிக் கோடு ஏதாவது இருக்கிறதா என்று பலமுறை பார்த்து, இல்லை என்று உறுதியான பிறகுதான் பீப் அடிக்கும். கூடவே கடையில் விற்கும் பத்திரிகைக்கு 13 இலக்கத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம் கூடுதலாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் புதுப் பொருள் போலத் தெரிந்துகொண்டிருந்தது. கூடுதல் கோடைக் கண்டுகொள்ளாதே என்று மாற்றியதும் இரண்டும் ஒரே அடியில் சரியாகின.

அதோடு கடைக்குத் தேவையில்லாத பார்கோடு வகைகளையும் அணைத்தேன். ஈஏஎன், யூபிசி, கோட் 128 மூன்றையும் வைத்துக்கொண்டேன். முக்கியமாக அணைக்க வேண்டியது அட்டைப்பெட்டிகளில் தடித்த கோடாக வரும் இன்டர்லீவ்டு 2 ஆஃப் 5 வகை. அதில் கோட்டின் ஒரு பகுதி மட்டும் சிக்கினாலும் குறைவான இலக்கத்தில் ஓர் எண்ணாகப் படித்துவிடும் குணம் உண்டு. பெட்டியோடு விற்கும் கடை என்றால் அணைக்காமல் நீளத்தை 14 இலக்கம் என்று கட்டிவைக்கலாம். யூபிசி விஷயத்தில் ஒன்று: சில இறக்குமதிச் சாக்லேட்டுகளில் 12 இலக்கம்தான் இருக்கும், சில ஸ்கேனர்கள் முன்னால் ஒரு சுழியம் சேர்த்து 13 ஆக்கி அனுப்பும். பொருளைப் பதிவு செய்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும், நடுவில் மாற்றினால் பழைய பதிவு ஒன்றும் பொருந்தாது.

இத்தனைக்கும் பிறகு கம்பெனி பாக்கெட்டுகள் சடசடவென்று ஓடின. சொந்தப் பருப்பு பாக்கெட் மட்டும் பழையபடி அடம்பிடித்தது. அதே ஸ்கேனர், அதே மேசை, அப்படியானால் கோளாறு லேபிளில்தான்.

லேபிள் அளவு 38 மி.மீ அகலம், 25 மி.மீ உயரம். பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது ஒரு மி.மீட்டருக்கு 8 புள்ளி, லேபிளின் மொத்த அகலம் 304 புள்ளி. பார்கோடு கோட் 128 வகை, உள்ளே இருந்த குறியீடு SMDAL00457 என்ற மாதிரி பத்து எழுத்து. போனில் மேக்ரோ போட்டுப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட் 128-இல் எல்லாக் கோடும் எல்லா இடைவெளியும் ஒரு சின்ன அலகின் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மடங்காகத்தான் இருக்க வேண்டும். இங்கே மிக மெல்லிய கோடுகளே ஒன்றுபோல இல்லை. ஒன்று ஒரு புள்ளி அகலம், அதே அளவு இருக்க வேண்டிய பக்கத்துக் கோடு இரண்டு புள்ளி அகலம், விளிம்புகள் அரித்த மாதிரி. வெறும் கண்ணுக்கு லேபிள் அழகாகக் கறுப்பாகத்தான் தெரியும், பெரிதாக்கினால்தான் இது பிடிபடும்.

கணக்குப் போட்டால் காரணம் தெளிவாகிவிடும். கோட் 128-இல் ஒவ்வோர் எழுத்துக்கும் 11 அலகு. தொடக்கக் குறி 11, சரிபார்ப்பு 11, முடிவுக் குறி 13, ஆக நிலையாக 35. பத்து எழுத்துக்கு 110, கூட்டினால் 145 அலகு. ஓர் அலகுக்கு இரண்டு புள்ளி என்றாலே 290 புள்ளி. இரு பக்கமும் பத்துப் பத்து அலகு வெற்றிடம் வேண்டும், அது இன்னொரு 40 புள்ளி. மொத்தம் 330, லேபிளில் இருப்பதோ 304. நுழையாது. பில்லிங் மென்பொருள் என்ன செய்திருக்கிறது என்றால், பார்கோடை ஒரு படமாக வரைந்து, லேபிள் வடிவமைப்பில் கொடுத்திருந்த 34 மி.மீ கட்டத்துக்குள், அதாவது 272 புள்ளிக்குள், அமுக்கியிருக்கிறது. 272-ஐ 145-ஆல் வகுத்தால் ஓர் அலகுக்கு 1.88 புள்ளி. தெர்மல் பிரிண்டரால் அரைகுறைப் புள்ளி அடிக்க முடியாது, அதனால் சில அலகு இரண்டாகவும் சில அலகு ஒன்றாகவும் விழுந்திருக்கிறது. எத்தனை முறை அடித்தாலும் இதே தப்புதான் வரும். இதைத் தெரியாமல் கறுப்பு போதவில்லை என்று பிரிண்டரின் டார்க்னஸை ஏற்றியிருந்தார்கள். சூடு கூடினால் கோடுகள் பருத்து, இருக்கிற மெல்லிய வெள்ளை இடைவெளியும் அடைபட்டுப்போகும், நிலைமை இன்னும் மோசமாகும்.

தீர்வு குறியீட்டைச் சுருக்குவதுதான். கோட் 128-இல் எண்கள் மட்டும் இருந்தால், அதுவும் இரட்டைப்படை இலக்கமாக இருந்தால், இரண்டு இலக்கத்தை ஒரே எழுத்தாக அடக்கும் வழி இருக்கிறது. எட்டு இலக்க எண் என்றால் நான்கு எழுத்துதான், 44 அலகு, அதோடு 35, மொத்தம் 79. இப்போது ஓர் அலகுக்கு மூன்று புள்ளியே கொடுக்கலாம்: 237 புள்ளி, வெற்றிடம் 60, ஆக 297. லேபிளின் 304-க்குள் உட்கார்ந்துவிட்டது. கோடு தடிமன் 0.375 மி.மீ, கம்பெனி பாக்கெட்டுகளின் வழக்கமான 0.33-ஐ விடவும் கொஞ்சம் தடிமன்.

எண்ணை 2-இல் தொடங்கும்படி வைத்தேன், 20000457 என்பது போல. எட்டு இலக்கக் கம்பெனிப் பார்கோடுகளும் உண்டு, அவற்றில் 2-இல் தொடங்குபவை கடைகளின் உள் உபயோகத்துக்கென ஒதுக்கியவை. அதனால் நாளைக்கு ஏதோ ஒரு சின்ன சாக்லேட்டின் எண்ணோடு நம் உளுந்து முட்டிக்கொள்ளாது.

மென்பொருள் படமாக வரைந்து அமுக்குவதைத் தவிர்க்க, பிரிண்டரையே பார்கோடு வரையச் சொல்லிப் பார்த்தேன். டிஎஸ்பிஎல் கட்டளை புரிந்துகொள்ளும் பிரிண்டர் அது. ஒரு வரிசைக்கு ஒரு லேபிள் உள்ள ரோலுக்கு இது போதும்:

```
SIZE 38 mm,25 mm
GAP 3 mm,0 mm
SPEED 3
DENSITY 8
CLS
BARCODE 33,40,"128",80,1,0,3,3,"20000457"
PRINT 1,1
```

இதில் 33 என்பது இடப்பக்க வெற்றிடம், 80 என்பது கோட்டின் உயரம், கடைசியில் வரும் இரண்டு 3-களில் முதலாவதுதான் ஓர் அலகுக்கான புள்ளி. இதை `test.prn` என்று சேமித்து, பிரிண்டரை `LABEL` என்ற பெயரில் ஷேர் செய்துவிட்டு இப்படி அனுப்பலாம்:

```
copy /b test.prn \\localhost\LABEL
```

வந்த லேபிளை ஒட்டி ஸ்கேன் செய்தேன், டிரிகரில் விரல் பட்டதும் பீப். அதன் பிறகு மென்பொருளின் லேபிள் வடிவமைப்பிலும் பார்கோடைப் படமாக வைக்காமல் பிரிண்டரின் சொந்தப் பார்கோடாக மாற்றி, அகலத்தை மி.மீட்டரில் இழுப்பதற்குப் பதில் அலகுக்கு 3 புள்ளி என்று கொடுத்தேன். உங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லை என்றால், படத்தின் அகலம் 237 புள்ளிக்கு, அதாவது 29.6 மி.மீட்டருக்கு, சரியாகப் பொருந்தும்படியாவது வையுங்கள்.

டார்க்னஸை 8-க்கு இறக்கியதும் இன்னொன்று கண்ணில் பட்டது. எல்லா லேபிளிலும் ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக முடி போல ஒரு வெள்ளைக் கோடு. பிரிண்டர் ஹெட்டில் ஒரு புள்ளி வேலை செய்யாவிட்டால் இப்படி வரும், அது ஒரு தடித்த கோட்டின் நடுவில் விழுந்தால் அந்தக் கோடு இரண்டாகப் பிளந்துவிடும், முழு உயரத்துக்கும் பிளந்திருப்பதால் மேலே கீழே எங்கே பிடித்தாலும் படிக்காது. சுவிட்சை அணைத்து, ஹெட் ஆறும்வரை விட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைத்தேன். குச்சியில் லேபிள் பசை பழுப்பாக ஒட்டி வந்தது, காயவிட்டு அடித்ததில் வெள்ளைக் கோடு போய்விட்டது. துடைத்தும் போகாவிட்டால் அந்தப் புள்ளி எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், ஹெட் மாற்றும்வரை பார்கோடைக் கொஞ்சம் இடமோ வலமோ தள்ளி, அந்த வெள்ளைக் கோடு இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவில் உள்ள வெள்ளையில் விழும்படி செய்து ஓட்டலாம்.

லேபிள் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. நகத்தால் வேகமாகக் கீறினால் கறுப்புக் கோடு விழுந்தால் அது ரிப்பன் இல்லாமல் சூட்டில் கறுக்கும் தாள். இந்தக் கடையில் அதுதான். வெயில் படும் முன்வரிசை ராக்கில் வைத்த பாக்கெட்டுகளில் அது சாம்பல் நிறமாகியிருந்தது, எண்ணெய் பட்ட இடத்தில் கோடே மறைந்திருந்தது. சீக்கிரம் விற்றுப்போகும் பருப்புக்கு இந்தத் தாள் தாராளமாகப் போதும். மாதக்கணக்கில் இருக்கும் சரக்குக்கும், எண்ணெய்ப் பொருளுக்கும் ரிப்பன் போட்டு அடிக்கும் பிரிண்டர்தான் சரி. சித்தப்பாவிடம் அதைச் சொன்னேன், அதுவரை அந்த ராக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்.

பழைய லேபிள் ஒட்டிய சரக்கை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. மென்பொருளில் ஒரு பொருளுக்கு இரண்டாவது பார்கோடு சேர்க்கும் வசதி இருந்ததால், பழைய குறியீட்டை அழிக்காமல் புது எண்ணைக் கூடுதலாகப் போட்டோம். பழையது தானாக விற்றுத் தீரட்டும்.

மிச்சம் இருந்தது கடையில் நிரப்பி விற்கும் 200 மில்லி நல்லெண்ணெய் பாட்டில். புது லேபிளும் அதில் தடுமாறியது. சின்ன பாட்டிலின் வளைவில் லேபிளைப் படுக்கைவாட்டில் ஒட்டினால், பார்கோடின் இரண்டு ஓரமும் பின்பக்கம் திரும்பிக்கொள்ளும், ஸ்கேனரின் கோடு ஒரே நேரத்தில் இரண்டு ஓரத்தையும் பார்க்க முடியாது. அதே லேபிளைக் கால் வட்டம் திருப்பி, கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக வரும்படி ஒட்டச் சொன்னேன், பெயரும் விலையும் பக்கவாட்டில் கிடக்கும், பரவாயில்லை. ஸ்கேனரையும் அதற்கேற்றாற்போல் திருப்பிப் பிடிக்க வேண்டும், அல்லது பாட்டிலைப் படுக்கவைத்துக் காட்ட வேண்டும். அக்கா பாட்டிலைப் படுக்கவைத்துத்தான் காட்டுகிறார், உடனே படிக்கிறது.